சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு ஆப்பில் பணம் அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேக்காவில் கடைக்குப் போய் அனுப்பித்தான் பழக்கம். ஆப்பில் அனுப்பினால் என்ன வித்தியாசம்?

பணம் போகும் வழி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நீங்கள் இங்கே வெள்ளியைக் கொடுக்கிறீர்கள். அந்த நிறுவனம் இந்திய வங்கி ஒன்றில் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் ரூபாயிலிருந்து உங்கள் வீட்டுக் கணக்குக்கு வரவு வைக்கச் சொல்கிறது. உங்கள் வெள்ளி நோட்டு கடல் தாண்டுவதே இல்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அனுப்பினாலும் சில நிமிடங்களில் அம்மாவின் போனுக்கு எஸ்எம்எஸ் போய்விடுகிறது.

வித்தியாசம் இரண்டு இடத்தில். கடையில் உங்கள் பர்மிட் அட்டையையும் முகத்தையும் ஆள் பார்க்கிறார். ஆப்பில் அதைத் தொடக்கத்தில் ஒரு தடவை போனிலேயே முடிக்க வேண்டும். கடையில் கணக்கு எண்ணை அங்கிருப்பவர் தட்டுவார், தப்பு நடந்தால் அவரிடம் போய் நிற்கலாம். ஆப்பில் தட்டுவது நீங்கள், தப்பும் உங்களுடையது. வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம் என்பது உண்மைதான். அந்த மிச்ச நேரத்தில் ஐந்து நிமிடத்தை எண்களைச் சரிபார்ப்பதற்கு ஒதுக்குங்கள்.

ஒரு ஆப்பில் கட்டணமே இல்லை என்கிறார்கள், இன்னொன்றில் 5 வெள்ளி எடுக்கிறார்கள். எது மலிவு?

கட்டணத்தை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கட்டணம் இல்லை என்று சொல்லும் ஆப் ரேட்டில் எடுத்துக்கொள்ளும். கூகுளில் `1 SGD to INR` என்று தட்டினால் வருவது சந்தையின் நடு ரேட். ஆப் உங்களுக்குத் தரும் ரேட் அதைவிட எவ்வளவு குறைவோ அதுவும் நீங்கள் கொடுக்கும் கட்டணம்தான். ரசீதில் அது தனியாக வராது, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு சுலபமாக இருக்க நடு ரேட் 66.00 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று உங்கள் போனில் வேறு எண் இருக்கும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. முதல் ஆப்பில் கட்டணம் இல்லை, ரேட் 65.40. இரண்டாவதில் கட்டணம் 5 வெள்ளி, ரேட் 66.00. மூன்றாவதில் கட்டணம் 3 வெள்ளி, ரேட் 65.80.

உங்கள் பையிலிருந்து போவது 1,000 வெள்ளி என்றால், முதல் ஆப்பில் வீட்டுக்குச் சேர்வது 65,400 ரூபாய். இரண்டாவதில் 5 வெள்ளி கழித்து 995 வெள்ளிக்கு 65,670 ரூபாய். மூன்றாவதில் 997 வெள்ளிக்கு 65,602 ரூபாய். ஆக, 5 வெள்ளி எடுக்கும் ஆப்பில்தான் வீட்டுக்கு அதிகம் போகிறது. கட்டணமே இல்லாதது கடைசியில் நிற்கிறது.

இப்போது அதையே 300 வெள்ளிக்குப் போடுங்கள். முதல் ஆப்பில் 19,620 ரூபாய். இரண்டாவதில் 295 வெள்ளிக்கு 19,470. மூன்றாவதில் 297 வெள்ளிக்கு 19,542. வரிசை அப்படியே தலைகீழ். நிலையான கட்டணம் சிறிய தொகையைத்தான் அதிகம் கடிக்கும். ரேட்டில் மறைந்திருக்கும் கட்டணம் தொகை பெருகப் பெருகக் கூடவே பெருகும். இந்த எண்களின்படி முதல் ஆப்பும் இரண்டாவதும் சரிசமமாகும் இடம் 550 வெள்ளி. அதற்குக் கீழே முதலாவது லாபம், மேலே போனால் இரண்டாவது.

அதனால் "எந்த ஆப் நல்லது?" என்று அறைத் தோழரைக் கேட்டால் கிடைக்கும் பதில் அவர் அனுப்பும் தொகைக்குத்தான் பொருந்தும். அவர் மாதம் 1,200 அனுப்புகிறவர், நீங்கள் வாரம் 200 அனுப்புகிறவர் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே ஆப் மலிவாக இருக்க வேண்டியதில்லை. வாரா வாரம் அனுப்புகிறவர்கள், நிலையான கட்டணம் இருக்கும் ஆப்பானால், மாதம் ஒரு தடவையாகச் சேர்த்து அனுப்பினாலே மூன்று கட்டணம் மிச்சம்.

சரி, போனில் எதைப் பார்த்து ஒப்பிடுவது?

ஒரே ஒரு எண்ணை. ஒவ்வொரு ஆப்பிலும் அனுப்பும் தொகையைப் போட்டதும் கீழே `Recipient gets` என்றோ அதுபோன்ற பெயரிலோ ஒரு ரூபாய் எண் வரும். மேலே நீங்கள் கொடுக்கும் மொத்த வெள்ளி எல்லா ஆப்பிலும் ஒன்றாக இருக்கட்டும், கீழே வரும் ரூபாயை மட்டும் பாருங்கள். எதில் அதிகமோ அதுதான் இன்றைக்கு மலிவு.

இதில் ஒரு சின்ன வலை உண்டு. சில ஆப்பில் 1,000 என்று போட்டால் கட்டணத்தை அந்த 1,000-க்குள் கழிப்பார்கள். வேறு சிலதில் 1,000-க்கு மேல் தனியாக 3 வெள்ளி கேட்பார்கள், கடைசிப் பக்கத்தில்தான் 1,003 என்று தெரியும். அதனால் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். கட்டாத வரை ஒன்றும் ஆகாது.

இரண்டு ஆப்பையும் ஒரே பத்து நிமிடத்துக்குள் பாருங்கள். காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று பார்த்தால் இடையில் சந்தை ரேட்டே நகர்ந்திருக்கும். சனி, ஞாயிறில் நாணயச் சந்தை மூடியிருப்பதால் சில நிறுவனங்கள் பாதுகாப்புக்காக ரேட்டைக் கொஞ்சம் குறைத்து வைப்பதும் உண்டு. சம்பளம் வெள்ளிக்கிழமை வந்தால் அன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது.

முதல் தடவை அருமையான ரேட் கொடுத்தார்கள். அடுத்த மாதம் குறைந்துவிட்டது. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று இல்லை, கடைத் திறப்பு விழா தள்ளுபடி மாதிரி. புதிதாக வருகிறவருக்கு முதல் 500 வெள்ளி வரைக்கும் நடு ரேட்டைவிடக்கூட மேலே கொடுப்பார்கள். அடுத்த தடவை வழக்கமான ரேட். முதல் மாதம் பார்த்த ரேட் மனசில் நின்றுவிடுவதால் பலர் அதற்கப்புறம் ஒப்பிடுவதே இல்லை. அந்த ஆப்பின் வழக்கமான ரேட் 65.20, இன்னொன்றில் 65.80 என்றால், கட்டணம் சமமாக இருக்கும்பட்சத்தில், 800 வெள்ளிக்கு மாதா மாதம் 480 ரூபாய் விட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் இரண்டு ஆப்பில் கணக்கு வைத்திருக்கிறேன். இரண்டிலும் அடையாளச் சரிபார்ப்பை முடித்தாயிற்று. அனுப்பும் அன்று எது அதிகம் தருகிறதோ அதில் போடுவேன்.

ரேட் ஏறும் என்று காத்திருக்கலாமா?

800 வெள்ளி அனுப்புகிறவருக்கு ரேட் 10 பைசா ஏறினால் 80 ரூபாய் கூடும். அதற்காக ஊரில் நகைக்கடன் வட்டி ஒரு வாரம் ஓடுவது பரவாயில்லை என்றால் காத்திருங்கள். ஏறும் என்று காத்திருந்து இறங்கிய மாதங்களை யாரும் அறையில் உட்கார்ந்து சொல்வதில்லை.

அடையாளச் சரிபார்ப்புக்கு என்னென்ன வேண்டும்? எத்தனை நாள் ஆகும்?

சிங்பாஸ் இருந்தால் வேலை சுலபம். வேலை அனுமதி வைத்திருக்கும் வெளிநாட்டவருக்கும் ஃபின் எண்ணை வைத்து சிங்பாஸ் கிடைக்கும். ஆப் உங்களை சிங்பாஸ் பக்கத்துக்கு அனுப்பும், அங்கே மைஇன்ஃபோவில் இருக்கும் உங்கள் பெயர், பிறந்த தேதி, குடியுரிமை, அனுமதி முடியும் தேதி முதலானவற்றில் எதையெல்லாம் அந்த நிறுவனம் கேட்கிறது என்று பட்டியல் வரும். படித்துவிட்டு ஒப்புதல் கொடுத்தால் படிவம் தானாக நிரம்பிவிடும். பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். இந்த வழியில் சிங்பாஸ் கடவுச்சொல்லை ஆப்புக்குள் தட்டும் வேலையே கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்து "கடவுச்சொல்லைச் சொல்லுங்கள், நாங்களே முடித்துத் தருகிறோம்" என்கிறவர் பணம் அனுப்பும் நிறுவனத்து ஆளே இல்லை.

சிங்பாஸ் இல்லாவிட்டால் படம் எடுத்துத்தான் அனுப்ப வேண்டும்: பாஸ்போர்ட்டின் படமுள்ள பக்கம், வேலை அனுமதி அட்டையின் முன்பக்கம் பின்பக்கம், அப்புறம் உங்கள் முகம். இதற்கு ஒன்றிரண்டு வேலை நாள் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பப்படும் படங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சாதாரணமானது. விடுதி அறையில் டியூப்லைட்டுக்கு நேர் கீழே அட்டையை வைத்து எடுப்பதால் பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஒளி அடித்து, ஃபின் எண்ணில் இரண்டு எழுத்து மறைந்துவிடும். அட்டையைக் கட்டில் விளிம்பில் வைத்து, பகலில், ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் எடுங்கள். நான்கு மூலையும் படத்துக்குள் இருக்க வேண்டும், விரல் மறைக்கக் கூடாது. முகம் காட்டச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றுங்கள்; தலையைத் திருப்பச் சொன்னால் மெதுவாகத் திருப்புங்கள். படத்தைக் காட்டி ஏமாற்றவில்லை, உயிருள்ள ஆள்தான் என்று பார்ப்பதற்காக அந்தத் திருப்பல்.

இதையெல்லாம் அவசரம் வராத நாளில் முடித்து வையுங்கள். ஊரில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த ராத்திரியில் புது ஆப் இறக்கிச் சரிபார்ப்புக்குக் காத்திருப்பது கொடுமை.

என் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி. இதனால் பணம் நிற்குமா?

நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். படிவங்களோ குடும்பப் பெயர் கேட்கின்றன. அதனால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து `MURUGESAN SURESH KUMAR` என்று நிற்கும், ஊர் பாஸ்புக்கில் `SURESHKUMAR M` என்று இருக்கும்.

அனுப்புகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர் இரண்டையும் வேறுவேறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அனுப்புகிறவர் நீங்கள். உங்கள் பெயர் பாஸ்போர்ட்டிலும் அனுமதி அட்டையிலும் எப்படியோ, ஆப்பிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே. பாஸ்புக்கைப் பார்க்கவே வேண்டாம்.

பெறுகிறவர் விஷயத்தில் நேர் எதிர். அவருடைய ஆதாரில், ரேஷன் அட்டையில் என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை. வங்கிக் கணக்கில் என்ன பெயரோ அதுதான். எங்கள் புளோக்கில் ஒரு தம்பி, அறந்தாங்கிப் பக்கம். அம்மா பெயரை வாயில் சொல்வதுபோல `LETCHUMI` என்று போட்டு அனுப்பினான். பாஸ்புக்கில் `LAKSHMI K`. நிறுவனம் பணத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு பாஸ்புக் படம் கேட்டது. தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பாஸ்புக்கைத் தேடி எடுத்து, படம் பிடித்து அனுப்புவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. அப்புறம்தான் பணம் போனது. பாஸ்புக்கின் முதல் பக்கத்தை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்திருந்தால் அந்த இரண்டு நாளும் மிச்சம்.

இதைவிடக் கெட்ட செய்தி ஒன்று உண்டு. பெயர் தவறினால் நிறுத்திக் கேட்க வாய்ப்பாவது இருக்கிறது. எண் தவறினால் அதுவும் இல்லாமல் போகலாம். இந்தியாவில் நெஃப்ட், ஐஎம்பிஎஸ் வழியாகப் போகும் பணம் கணக்கு எண்ணை வைத்தே வரவாகும். ஓர் இலக்கம் மாறி, அந்த எண்ணில் வேறு யாருக்காவது உண்மையிலேயே கணக்கு இருந்தால், பணம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். திரும்ப வாங்க அந்த ஆளின் சம்மதத்துக்காக வங்கி வங்கியாக அலைய வேண்டும். அதனால் புதுக் கணக்குக்கு முதல் தடவை பெரிய தொகை வேண்டாம். ஆப் அனுமதிக்கும் குறைந்தபட்சத் தொகையை அனுப்பி, வீட்டில் எஸ்எம்எஸ் வந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

ஐஎஃப்எஸ்சி எண்ணைப் போட்டால் தவறு என்கிறது. பாஸ்புக்கில் இருப்பதைத்தான் போட்டேன்.

மொத்தம் 11 எழுத்து. முதல் நான்கு வங்கியைக் குறிக்கும்: இந்தியன் வங்கிக்கு `IDIB`, இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு `IOBA`. ஐந்தாவது எப்போதும் பூஜ்ஜியம். அதை `O` என்று படித்துத் தட்டுகிறவர்கள்தான் அதிகம்.

பூஜ்ஜியம் சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்றால், பாஸ்புக் பழசா என்று பாருங்கள். லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. `LAVB` என்று தொடங்கும் பழைய எண் இப்போது செல்லாது. சிண்டிகேட் கனராவுக்குள்ளும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கிக்குள்ளும் 2020 ஏப்ரலில் போயின. தென்மாவட்டத்துக்காரர்கள் வைத்திருந்த பாண்டியன் கிராம வங்கி 2019-இல் தமிழ்நாடு கிராம வங்கியாக மாறியது. வீட்டில் யாரையாவது கிளைக்கு அனுப்பிப் புதுப் பாஸ்புக் போடச் சொல்லுங்கள்.

பர்மிட் புதுப்பித்தாயிற்று. ஆனால் ஆப் அனுப்ப விடமாட்டேன் என்கிறது.

ஆப்பிடம் இருப்பது பழைய அனுமதியின் தேதி. அந்த நாள் முடிந்ததும் கணக்கைத் தானாக நிறுத்திவிடும். உங்களுக்குப் புது அனுமதி வந்தது அதற்குத் தெரியாது. மறுபடி சிங்பாஸ் வழியாகத் தகவலைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். மனிதவள அமைச்சின் பதிவில் புதுத் தேதி ஏறியிருக்கிறதா என்று `SGWorkPass` ஆப்பில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயே ஏறவில்லை என்றால் முதலாளியைத்தான் கேட்க வேண்டும், ஆப்போடு சண்டை போட்டுப் பயனில்லை. பாஸ்போர்ட் புதுப்பித்தாலும் எண் மாறிவிடும், இதே வேலைதான்.

அறைத் தோழருக்கு ஆப் தெரியாது. அவர் பணத்தை என் கணக்கில் அனுப்பிக் கொடுக்கலாமா?

வேண்டாம். உதவி செய்வதாக நினைத்து மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

நிறுவனத்தின் கண்ணில் இது எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். உங்கள் சம்பளம் 900 வெள்ளி என்று பதிவில் இருக்கிறது. மாதம் 700 அனுப்பிக்கொண்டிருந்த நீங்கள் திடீரென்று ஒரே மாதத்தில் நான்கு ஊர்களில் நான்கு பேருக்கு மொத்தம் 4,000 வெள்ளி அனுப்புகிறீர்கள். பணமோசடித் தடுப்பு விதிகளின்படி அவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். சம்பளச் சீட்டு கேட்பார்கள், வங்கி அறிக்கை கேட்பார்கள், பெறுகிறவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். காட்ட ஒன்றும் இல்லை என்றால் கணக்கை மூடுவார்கள். அந்தப் பணத்தில் யாரோ மோசடியில் எடுத்த காசு கலந்திருந்தால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான், தோழரை இல்லை.

சிங்பாஸையோ ஆப் கணக்கையோ அடுத்தவர் கையில் கொடுப்பது அதைவிட மோசம். சிங்பாஸ் விவரத்தைக் குற்றச் செயலுக்கு உதவும்படி அடுத்தவருக்குக் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத் திருத்தம் 2024 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. தோழருக்கு உதவ வேண்டுமானால் அவர் போனிலேயே, அவர் பெயரிலேயே கணக்குத் திறந்து கொடுங்கள். அரை மணி நேர வேலை.

இதன் இன்னொரு முகம்: ஆப்புக்குப் பணம் கட்டும்போது உங்கள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கிலிருந்தே பேநவ் செய்யுங்கள். தோழரின் கணக்கிலிருந்து கட்டினால் பெயர் பொருந்தாமல் பல ஆப்கள் பணத்தைத் திருப்பிவிடும், அதற்குள் நீங்கள் பிடித்து வைத்த ரேட் காலாவதியாகியிருக்கும்.

உண்டியல் போட்டால் ரேட் இன்னும் ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதே?

கிடைக்கும். அந்த ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உண்டியல்காரர் உங்கள் வெள்ளியை இங்கே வைத்துக்கொண்டு, ஊரில் வேறு யாருடைய கணக்கிலிருந்தோ உங்கள் வீட்டுக் கணக்கில் ரூபாய் போடச் சொல்கிறார். அந்த வேறு யாரோ ஆன்லைன் மோசடிக்காரராக இருந்தால், பணத்தை இழந்தவர் இந்தியாவின் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்ததும், அந்தப் பணம் போன கணக்குகளை எல்லாம் வரிசையாக முடக்குவார்கள். அந்த வரிசையில் உங்கள் அம்மாவின் கணக்கும் இருக்கும். எங்கோ வடக்கே ஒரு சைபர் போலீஸ் நிலையத்தின் பெயரைச் சொல்லி "அங்கே போய்ப் பேசுங்கள்" என்பார் கிளை மேலாளர். உங்களிடம் ரசீதும் இருக்காது.

இது இந்தியாவோடு நிற்கிற கதை இல்லை. சிங்கப்பூரிலிருந்து சீனாவுக்குப் போன பணம் பெறுகிறவர்களின் கணக்கில் முடக்கப்பட்ட புகார்கள் 2023-இல் குவிந்தன. உரிமம் பெற்ற நிறுவனங்களே வெளிநாட்டில் மூன்றாம் ஆட்கள் வழியாகப் பணத்தைக் கொடுத்ததில் வந்த வினை. வங்கி, அட்டை வழி தவிர மற்ற வழிகளில் சீனாவுக்கு அனுப்புவதை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்தி வைக்கும்படி சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது.

ஒரு நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்க்க, ஆணையத்தின் `eservices.mas.gov.sg/fid` பக்கத்தில் பெயரைத் தேடுங்கள். `Major Payment Institution` அல்லது `Standard Payment Institution` என்று இருந்து, அனுமதிக்கப்பட்ட சேவைகளில் `Cross-border Money Transfer Service` இருக்க வேண்டும். வங்கிகள் தனிப் பிரிவில் வரும்.

ஆப்பில் "காரணம்" கேட்கிறது. என்ன போடுவது? ஊரில் வரி வருமா?

வீட்டுச் செலவுக்கு என்றால் `Family Maintenance`. இந்திய வங்கி அதை `P1301` என்ற குறியீட்டில் பதிவு செய்யும். ஆனால் நிலம் வாங்கவோ தொழிலில் போடவோ அனுப்பும் பெரிய தொகையை வீட்டுச் செலவு என்று போடாதீர்கள்.

மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு அவர்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் "1 சதவீத வரி" அமெரிக்காவுடையது. அங்கிருந்து ரொக்கமாகவோ மணியார்டர் போன்றவற்றிலோ பணம் அனுப்பினால் 2026 முதல் பிடிப்பது அது. சிங்கப்பூர்க்காரருக்கு அதனோடு தொடர்பே இல்லை.

உங்கள் சொந்தக் கணக்குக்கு அனுப்புவதானால் மட்டும் ஒரு விஷயம். வேலைக்கு வெளிநாடு வந்தவர் ஊரில் பழைய சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்ஆர்இ கணக்கு திறப்பது நல்லது, அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை.

ஆப் "முடிந்தது" என்கிறது. வீட்டில் பணம் வரவில்லை. என்ன செய்வது?

முதலில் ஆப்பின் உதவிப் பகுதியில் யுடிஆர் எண் கேளுங்கள். இந்திய வங்கிகளுக்குள் நடந்த பரிமாற்றத்தின் எண் அது. ஆப்பே கொடுக்கும் பரிவர்த்தனை எண்ணை எடுத்துக்கொண்டு போனால் ஊர்க் கிளையில் யாருக்கும் ஒன்றும் புரியாது. யுடிஆரைச் சொன்னால் அவர்கள் கணினியில் தேட முடியும்.

யுடிஆர் இருந்தும் பணம் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு பெறுகிற கணக்கில். இரண்டு வருடம் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கு செயலற்றதாகியிருக்கலாம். கேஒய்சி புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். மூன்றாவது ஒன்று உண்டு, அது பலருக்குத் தெரியாது. முழு ஆவணம் இல்லாமல் திறந்த "சிறு கணக்கு" என்றால் ஒரு வருடத்தில் மொத்தம் 1 லட்சம் ரூபாய்தான் வரவு வைக்கலாம், எந்த நேரத்திலும் இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது.

எங்கள் விடுதியில் ஓர் அண்ணன், அம்மாவின் கணக்குக்கு மாதம் 20,000 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தார். ஐந்து மாதம் சரியாகப் போனது. ஆறாவது மாதம் பணம் திரும்பி வந்துவிட்டது. ஆப்பின் மேல்தான் கோபப்பட்டார், வேறு ஆப்பிலும் முயன்றார், அதுவும் திரும்பியது. ஐந்து இருபது ஒரு லட்சம் என்று அவருக்குத் தோன்றவில்லை, எனக்கும் உடனே தோன்றவில்லை. கடைசியில் அம்மா ஆதாரும் படமும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் முழு கேஒய்சி கொடுத்தார். அதற்குப் பிறகு அனுப்பிய பணம் பத்து நிமிடத்தில் ஏறியது. இரண்டு தடவை திரும்பி வந்ததில் முதல் ஆப் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது, இரண்டாவது கொடுக்கவில்லை. அது அவர்கள் விதிமுறையில் எழுதியிருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை.